ஓர் இயக்குநர் எந்த நாளில் விலகுகிறார்?

கோலாலம்பூர் சென்ட்ரலில் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. எல்லோரும் எஸ்எஸ்எம் என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் கட்டடத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கூப்பிடு தூரம். அங்கே கடைவீட்டு மாடிகளில் நிறுவனச் செயலாளர்களின் அலுவலகங்கள் உண்டு. கிள்ளானில் துணிக்கடை நடத்துபவரும், பூச்சோங்கில் லாரி ஓட்டுபவரும், செந்தூலில் அச்சகம் வைத்திருப்பவரும் தங்கள் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பதிவேடுகளை இத்தகைய அலுவலகங்களில்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி பிரிகிறார்கள், கூட்டாளி ஓய்வு பெறுகிறார், மகன் தொழிலுக்குள் வருகிறான் என்றால் முதலில் தொலைபேசி ஒலிப்பது அங்கேதான். பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: “பெயரை எடுக்க எத்தனை நாள் ஆகும்?”

அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. விலகுகிறவர் எந்த நாளில் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீங்குகிறார்? கடிதத்தில் கையெழுத்திட்ட நாளா, கடிதம் போய்ச் சேர்ந்த நாளா, இயக்குநர் குழு அதை ஏற்றுக்கொண்ட நாளா, எஸ்எஸ்எம் பதிவில் பெயர் மறைந்த நாளா? இந்த நான்கும் ஒரே நாளாக அமைவது அரிது. இடைப்பட்ட வாரங்களில் நிறுவனம் செலுத்தத் தவறிய பாக்கிக்கு யார் பொறுப்பு என்பதை இந்த விடைதான் முடிவு செய்கிறது.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் 2017 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 208ஆவது பிரிவு இதற்கு நேரான விடை தருகிறது. விலக விரும்பும் இயக்குநர், நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு அந்த முகவரியில் பெறப்பட்டதும் விலகல் நடப்புக்கு வருகிறது. பிந்திய நாள் ஒன்றை அறிவிப்பே குறிப்பிட்டிருந்தால் அந்த நாளில் நடப்புக்கு வருகிறது. மற்ற இயக்குநர்கள் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

பொதுச் சட்ட மரபும் ஏறத்தாழ இதையே சொல்லி வந்திருக்கிறது. 1907இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கிளாசப் வழக்கில், முறையாக அறிவிப்புக் கொடுத்து விலகிய இயக்குநர் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் அதைத் திரும்பப் பெற முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் இயக்குநரின் பதவி விலகலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிவந்தபோது, நிறுவன விதிகள் வேறு விதமாகச் சொல்லாதவரை ஏற்பு தேவையில்லை என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 1970களிலேயே எடுத்தது. 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அதை எழுத்திலேயே வைத்துவிட்டது. அறிவிப்பு நிறுவனத்துக்குக் கிடைத்த நாள், அறிவிப்பில் குறித்த நாள், இவற்றில் பிந்தியதே விலகல் நாள். இயக்குநர் குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கிள்ளான் பள்ளத்தாக்கில் கோப்புக்குக் கோப்பு காணப்படும் ‘பதவி விலகல் ஏற்கப்பட்டது’ என்ற தீர்மானத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. அது விலகலை உண்டாக்குவதில்லை, நடந்ததைப் பதிவு செய்கிறது. எந்த நாளில் கடிதம் வந்தது, எந்த நாள் முதல் விலகல் செல்லும், காலியிடத்துக்கு யார் வருகிறார், யார் தாக்கல் செய்ய வேண்டும் என்பவற்றை ஒரே தாளில் கட்டிவைக்கும் சான்று அது. அறிவிப்பில் முறைக்குறை இருக்கும்போது ஏற்புக்குக் கூடுதல் மதிப்பும் வரலாம். 1931இல் தீர்ப்பான லாட்ச்ஃபோர்ட் திரையரங்கு வழக்கில், விதிகள் எழுத்துமூல அறிவிப்பைக் கேட்டிருந்தும், பொதுக்கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு ஏற்கப்பட்ட விலகல் செல்லும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் கூறியது. ஆனால் இன்று ஒருவர் அதை நம்பி வாய்மொழியாக விலகினால் வழக்கைத் தானே வாங்கிக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை ஒரு கற்பனை நிறுவனத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பாத்திரக்கடை நடத்தும் ஒரு சென்டிரியான் பெர்ஹாட். இயக்குநர்கள் இருவர், அண்ணனும் தம்பியும். அண்ணன் கிள்ளானில் இருந்து கடையைப் பார்க்கிறார். தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரில் வசிக்கிறார். பதிவு அலுவலகம் கடையில் இல்லை. அது பிரிக்பீல்ட்ஸில் உள்ள செயலாளரின் முகவரி. அண்ணன் விலகி, அக்காவின் மகனை இயக்குநராக்க வேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு.

2025 ஜூலை 5, சனிக்கிழமை. அண்ணன் கடிதம் எழுதி, கடையின் கணக்கரிடம் கொடுக்கிறார். ‘2025 ஜூலை 31 முதல் விலகுகிறேன்’ என்பது வாசகம். கணக்கர் அதைக் கோப்பில் வைக்கிறார். சட்டத்தின் பார்வையில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. கடை வணிக முகவரிதான், பதிவு அலுவலகம் ஆகாது. ஜூலை 9, புதன்கிழமை கடிதம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, நாளைக் காட்டும் ரப்பர் முத்திரை அதன் மேல் விழும்போதுதான் அறிவிப்புப் பெறப்படுகிறது. அந்த முத்திரையிட்ட நகல் ஒன்றை அண்ணன் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் எழும் எந்தச் சச்சரவிலும் அவருக்குக் கைகொடுக்கக்கூடிய முதல் தாள் அதுதான்.

கடிதத்தில் குறித்த நாள் பெறப்பட்ட நாளுக்குப் பிந்தியது என்பதால், விலகல் ஜூலை 31இல் நடப்புக்கு வரும். அவர் ‘ஜூன் 30 முதல் விலகுகிறேன்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? கடிதம் ஜூலை 9இல்தான் கிடைத்தது. பின்னோக்கிச் செல்லும் வசதியைச் சட்டம் தரவில்லை. விலகல் ஜூலை 9இல்தான் நிகழும். ஜூன் மாதக் கடைசி நாளைத் தீர்மானத்தில் எழுதி வைத்தாலும் அது உண்மை ஆகிவிடாது.

அடுத்து, மாற்று இயக்குநர். இங்கே கவனிக்க வேண்டியது இருவரில் ஒருவர் போனபின் மிஞ்சுவது யார் என்பது. பழைய 1965ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் வசிக்கும் இரண்டு இயக்குநர்களையாவது கேட்டது. புதிய சட்டத்தின் 196ஆவது பிரிவு தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் போதும் என்று குறைத்தது. ஆனால் அந்த ஒருவர் மலேசியாவைத் தன் முதன்மை வசிப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அண்ணன் போனால் எண்ணிக்கை ஒன்றாக நிற்கும். ஆனால் அந்த ஒருவர் சிங்கப்பூர்வாசி. எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவசரமில்லை என்று இருந்துவிட்டால், அண்ணனின் விலகலே செல்லாமல் போகக்கூடும். ஆகவே அக்கா மகனின் நியமனம், அண்ணனின் விலகல் நடப்புக்கு வரும் நாளிலாவது நடப்புக்கு வந்திருக்க வேண்டும்.

நியமனத்துக்கு முன் ஒரு தாள் தேவை. 201ஆவது பிரிவின்படி, இயக்குநராக வருபவர் எழுத்துமூலம் சம்மதம் தந்து, தான் தகுதி இழந்தவர் அல்ல என்று உறுதிமொழி அளிக்க வேண்டும். அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். திவாலானவராக அறிவிக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாதவர் கூடாது. ஊழல், மோசடி போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவருக்குச் சட்டம் தடைக்காலம் வைத்திருக்கிறது. பழைய காலத்தில் இது ஃபார்ம் 48ஏ என்ற சத்தியப் பிரமாணமாக இருந்தது. இப்போது உறுதிமொழிப் படிவம் போதும். ஆனால் நாள் முக்கியம். சம்மதத்தின் நாள் நியமனத்தின் நாளுக்குப் பிந்தியதாக இருந்தால், சம்மதம் இல்லாத ஒருவரை நியமித்ததாகக் கோப்பே காட்டிக்கொடுக்கும். நம் உதாரணத்தில் மருமகன் ஜூலை 24இல் கையெழுத்திடுகிறார்.

இனித் தீர்மானம். முதலில் நிறுவனத்தின் அமைப்பு விதிகளைப் பார்க்க வேண்டும். 2017க்கு முன் தொடங்கிய பல நிறுவனங்களின் பழைய விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இடையில் ஏற்படும் காலியிடத்தை இயக்குநர் குழுவே நிரப்பும் அதிகாரத்தைப் பெரும்பாலானவை தருகின்றன. குறைந்தபட்சம் இருவர் வேண்டும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். சட்டம் ஒருவரோடு திருப்தியடைந்தாலும் நிறுவனத்தின் சொந்த விதி திருப்தியடையாது. விதிகளில் ஐயம் இருந்தால், பங்குதாரர்களின் சாதாரணத் தீர்மானத்தால் நியமிப்பது பாதுகாப்பானது.

குழு கூடாமலே சுற்றறிக்கைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் நடைமுறை. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கூட்ட அறிவிப்புப் பெறும் உரிமையுள்ள எல்லா இயக்குநர்களும் கையெழுத்திட்டால் அல்லது இசைந்தால் அது கூட்டத் தீர்மானத்துக்கு இணையானது என்கிறது. அந்த உரிமை தீர்மானத்தின் நாளில் யாருக்கு இருந்தது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜூலை 25 தேதியிட்ட தீர்மானத்தில் அண்ணன் இன்னும் இயக்குநர். அவரும் தம்பியும் இருவருமே கையெழுத்திட வேண்டும். ஆகஸ்டு 4 தேதியிட்ட தீர்மானமாக இருந்தால் அண்ணனின் கையெழுத்து அதில் இருக்கவே கூடாது. தன்னை நியமிக்கும் தீர்மானத்தில் மருமகன் கையெழுத்திடவும் முடியாது. அந்தத் தாள் நிறைவேறும்வரை அவர் இயக்குநர் அல்ல. கோப்பைப் புரட்டும் வழக்கறிஞரோ வங்கி அதிகாரியோ முதலில் தேடுவது இந்தக் கையெழுத்துகளைத்தான்.

ஜூலை 25 தீர்மானத்தின் வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்: ‘இயக்குநர் இன்னாரின் 2025 ஜூலை 5 தேதியிட்ட பதவி விலகல் அறிவிப்பு 2025 ஜூலை 9இல் பதிவு அலுவலகத்தில் பெறப்பட்டதையும், அது 2025 ஜூலை 31இல் நடப்புக்கு வருவதையும் குழு பதிவு செய்கிறது. 2025 ஜூலை 24 தேதியிட்ட சம்மதமும் உறுதிமொழியும் பெறப்பட்ட நிலையில், இன்னார் 2025 ஜூலை 31 முதல் இயக்குநராக நியமிக்கப்படுகிறார். பதிவேட்டைத் திருத்தி, பதிவாளருக்கு உரிய அறிவிப்பைத் தாக்கல் செய்யுமாறு நிறுவனச் செயலாளர் பணிக்கப்படுகிறார்.’ வெறுமே ‘விலகல் ஏற்கப்பட்டது’ என்று எழுதி, தீர்மானத்தின் நாளை மட்டும் அடியில் போட்டால், படிப்பவர் அந்த நாளையே விலகல் நாள் என்று எடுத்துக்கொள்வார். கடிதம் தந்த நாளுக்கும் அதற்கும் இடையில் வந்த கடன்கள் விலகியவர் தலையில் விழ அதுவே வழி செய்யும்.

தாக்கலில் முதல் வேலை நிறுவனத்துக்குள்ளேயே நடக்கிறது. 57ஆவது பிரிவின்படி வைத்திருக்கும் இயக்குநர், மேலாளர், செயலாளர் பதிவேட்டில் ஒருவர் நீங்கிய நாளையும் மற்றவர் வந்த நாளையும் பதிய வேண்டும். அதன்பின் 58ஆவது பிரிவின்படி அந்த மாற்றத்தைப் பதிவாளருக்குப் பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இதற்கு ஒரு மாதம் இருந்தது. அப்போதைய படிவத்தின் பெயர் ஃபார்ம் 49. வங்கிக் கிளைகளிலும் கடைகளிலும் இன்றும் இயக்குநர் பட்டியலை அந்தப் பெயரால்தான் கேட்கிறார்கள். பழைய பெயரோடு பழைய ஒரு மாதக் கணக்கும் நினைவில் ஒட்டிக்கொண்டிருப்பதால் தாமதம் ஆகிறது.

பதினான்கு நாளை எங்கிருந்து எண்ணுவது? தீர்மானத்தில் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து அல்ல, மாற்றம் நடப்புக்கு வந்த நாளிலிருந்து. நம் உதாரணத்தில் விலகலும் நியமனமும் ஜூலை 31இல் நடப்புக்கு வருவதால், ஆகஸ்டு 14க்குள் ஒரே அறிவிப்பில் இரண்டையும் சொல்லிவிடலாம். மருமகன் ஜூலை 25 முதலே இயக்குநர் என்று எழுதியிருந்தால் அவருடைய கெடு ஆகஸ்டு 8இல் முடியும், அண்ணனுடையது ஆகஸ்டு 14இல். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று இருந்துவிட்டால் முதலாவது கெடு தாண்டிப்போகும். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. தவறினால் நிறுவனமும் பொறுப்பான அதிகாரிகளும் குற்றத்துக்கு உள்ளாவார்கள்.

தாக்கல் தாமதமானால் விலகலும் தள்ளிப்போகுமா? போகாது. பதிவாளரின் ஏடு நடந்ததைத் தெரிவிக்கிறது, அது நடத்தி வைப்பதில்லை. ஆனால் கடன் கொடுத்தவரும் அரசு வாரியமும் முதலில் பார்ப்பது அந்த ஏட்டைத்தான். பெயர் அங்கே இருக்கும்வரை, தான் எப்போதோ விலகிவிட்டேன் என்று நிரூபிக்கும் சுமை விலகியவருக்கே வந்து சேர்கிறது. இந்தியாவில் விலகிய இயக்குநர் தானாகவே டிஐஆர்-11 படிவத்தைப் பதிவாளருக்கு அனுப்பிக்கொள்ளலாம். மலேசியாவில் 58ஆவது பிரிவின் கடமை நிறுவனத்தின் மேல் இருக்கிறது. ஆகவே அண்ணன் கடிதத்தோடு தன் வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ஆகஸ்டு நடுவில் எஸ்எஸ்எம்மிடம் நிறுவன விவர அறிக்கையைக் கட்டணம் செலுத்தி வாங்கி, தன் பெயர் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருந்தால், முத்திரையிட்ட நகலைக் காட்டிச் செயலாளருக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டும்.

ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஊழியர் சேமநிதிச் சட்டம் விடை சொல்லும். 1991ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 46ஆவது பிரிவு, நிறுவனம் கட்டத் தவறிய சந்தாவுக்கு, அது கட்டப்பட வேண்டிய காலத்தில் இயக்குநராக இருந்தவர்களையும் நிறுவனத்தோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. ஜூன் மாதச் சம்பளத்துக்கான சந்தா ஜூலை 15க்குள் கட்டப்பட வேண்டும். பாத்திரக்கடை அதைக் கட்டவில்லை என்றால், ஜூலை 31 வரை இயக்குநராக இருந்த அண்ணன் அந்தப் பாக்கியிலிருந்து தப்ப முடியாது. ஜூலை 9இல் கடிதம் சேர்ந்தபோதே, பிந்திய நாள் எதுவும் குறிக்காமல், உடனடியாக விலகியிருந்தால் அவர் நிலை வேறாக இருந்திருக்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 75ஏ பிரிவும் இதே வழியில் செல்கிறது. நிர்வாகத்தில் ஈடுபட்டு, நேரடியாகவோ மறைமுகமாகவோ இருபது விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் இயக்குநரிடம் நிறுவனத்தின் வரி பாக்கியை வாரியம் கேட்கலாம்.

இந்தப் பாக்கிகள் தெரியவந்தபிறகுதான் ‘தேதியைக் கொஞ்சம் முன்னால் போட்டுவிடுங்கள்’ என்ற வேண்டுகோள் செயலாளரிடம் வருகிறது. ஜூலையில் எழுதிய கடிதத்தில் மார்ச்சு என்று போட்டு, மார்ச்சிலேயே பெறப்பட்டதாக முத்திரை குத்துவது பொய் ஆவணம் உண்டாக்குவது. அதை அடிப்படையாக்கிப் பதிவாளருக்குத் தாக்கல் செய்தால் 591ஆவது பிரிவு நிற்கிறது. பொய்யான தகவலுக்குப் பத்தாண்டு வரை சிறை, மூன்று மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். செயலாளரின் நடைமுறைச் சான்றிதழும் அதோடு ஆபத்துக்குள்ளாகும். முன்தேதியிட்ட கோப்பு எளிதில் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. மார்ச்சில் விலகியதாகச் சொல்லப்படுபவர் மே மாதக் காசோலையில் கையெழுத்திட்டிருப்பார், ஜூன் மாதத் தீர்மானத்தில் அவர் பெயர் இருக்கும்.

விலகல் சரியான நாளில் முறையாக நடந்த பின்னும் விலகியவரைப் பிடித்து வைத்திருக்கும் சில கட்டுகள் உண்டு. இயக்குநராக இருந்தபோது செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் உள்ள பொறுப்பு விலகலோடு மறைவதில்லை என்று 208ஆவது பிரிவே சொல்கிறது. கடைக்கு வாங்கிய வங்கிக் கடனுக்கு அண்ணன் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால், அது அவருக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை அது தொடரும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை மாற்ற இன்னொரு தீர்மானம் வேண்டும். அவருடைய பங்குகளும் அவர் பெயரிலேயே இருக்கும். பங்கை மாற்றுவது தனிப் படிவம், தனி முத்திரை வரி, தனிப் பதிவு. அண்ணன் உண்மையில் தொழிலைவிட்டுப் போக விரும்பினால் இந்த மூன்றையும் பதவி விலகலோடு சேர்த்தே பேசி முடிக்க வேண்டும்.

இனி, இந்த விதிகள் எல்லாம் தலைகீழாகும் இடம். நிறுவனத்தில் இருப்பவர் ஒரே இயக்குநர் என்றால் கடிதம் போய்ச் சேர்ந்ததால் மட்டும் விலகல் நடந்துவிடாது. குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே கொண்டுபோகும் விலகல், இடத்துக்கு ஒருவர் நியமிக்கப்படாதவரை செல்லாது என்கிறது 196ஆவது பிரிவு. 209ஆவது பிரிவு வழியையும் காட்டுகிறது. கடைசி இயக்குநர் பங்குதாரர்கள் கூட்டத்தைக் கூட்டி, தன் அறிவிப்பை அங்கே வைத்து, புதியவரை நியமிக்கச் செய்தபின்தான் வெளியேற முடியும். ஏற்பு என்பது வெறும் பதிவாக இல்லாமல் உண்மையான நிபந்தனைக்கு நெருங்கி வருவது இந்த ஒரு நிலையில்தான்.

ஒருவரே இயக்குநர், அவரே ஒரே பங்குதாரர் என்று நிறுவனங்கள் தொடங்க 2017 வழி திறந்தது. கூட்டாளி தொல்லை வேண்டாம் என்று அப்படித் தொடங்கியவர்கள் நம்மவர்களில் ஏராளம். அந்த ஒருவர் விலகலுக்கு நேரமே இல்லாமல் இறந்துவிட்டால், புதிய இயக்குநரை நியமிக்க நெருங்கிய உறவினர்களையோ சட்டப் பிரதிநிதிகளையோ கூட்டும் கடமையைச் சட்டம் செயலாளரிடம் தருகிறது. ஆறு மாதத்துக்குள் யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பதிவாளர் உத்தரவிடலாம். அந்த ஆறு மாதத்தில் சம்பளம் கொடுக்க வங்கிக் கணக்கை இயக்க முடியாமல் குடும்பங்கள் திண்டாடுவதற்குக் காரணம், கையெழுத்திடும் அதிகாரமுள்ள இரண்டாவது ஆள் இல்லாததுதான். அப்படி ஒரு நிறுவனம் வைத்திருப்பவர் நலமாக இருக்கும்போதே மனைவியையோ வயதுவந்த பிள்ளையையோ இரண்டாவது இயக்குநராக்கிவிடுவது நல்லது. அதற்கு வேண்டியவை ஒரு சம்மத உறுதிமொழி, ஒரு தீர்மானம், பதினான்கு நாளுக்குள் ஒரு தாக்கல். இயக்குநர் பொறுப்பு அவர்களுக்கும் வரும் என்பதைச் சொல்லி, அவர்கள் அறிந்து சம்மதித்த பின் அதைச் செய்ய வேண்டும்.